கனமூலையில் மூன்று அறைகள், ஒரு நிமிடம்

புத்தளம் பக்கத்துச் சின்னத் தங்குமிடங்களுக்கு விளம்பரம் எழுதிக் கொடுப்பது என் தொழில். வானொலிக்கு எழுதியிருக்கிறேன், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவுக்கும் எழுதியிருக்கிறேன். இப்போது வருகிற வேலை பெரும்பாலும் கைபேசியில் பார்க்கிற ஒரு நிமிட வீடியோவுக்குப் பின்னணிக் குரல். நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்தில் தொண்ணூறு நூறு தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும். அதற்குள் ஒரு வீட்டை, அதன் சாப்பாட்டை, சுற்றுப்புறத்தைச் சொல்லிவிட வேண்டும். எதைச் சொல்வது என்பதில் யாரும் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. சொல்லாமல் விட்ட இடத்தைக் கேட்கிறவர் எதை வைத்து நிரப்புவார் என்பதுதான் என்னை எப்போதும் உட்கார வைக்கிற கேள்வி.

கனமூலை வீட்டை எடுத்துக்கொள்கிறேன். கொழும்பிலிருந்து புத்தளம் போகிற ஏ3 வீதியில், புத்தளத்துக்கு முன்னால் வருவது மதுரங்குளி. அங்கே இறங்கி மேற்கே உள்ளே போனால் கனமூலை. தென்னையும் பள்ளிவாசலும் இறால் பண்ணைகளும் களப்பு ஓரமுமாக இருக்கிற முஸ்லிம் ஊர். வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீட்டில் பிள்ளைகள் இப்போது இல்லை. மூன்று அறை சும்மா கிடக்கிறது, வாடகைக்கு விடலாம் என்று வீட்டுக்காரர் நினைத்தார். நான் அவரை நானா என்பேன், அவர் மனைவியை ராத்தா என்பேன்.

நானா கேட்டது கல்பிட்டிப் படம். நீலக் கடல், துள்ளுகிற டொல்பின், காற்றாடி பிடித்துக்கொண்டு அலைமேல் பாய்கிற வெள்ளைக்காரர்கள், கடைசியில் அவருடைய வீட்டு வாசல். "புத்தளம் மாவட்டமே கடல்தானே தம்பி, இதுல என்ன பொய்?" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. டொல்பின் கல்பிட்டிக் கடலில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெரியும். காற்றுச் சறுக்கலுக்கு மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக் காற்று நன்றாக வீசும். ஆனால் மதுரங்குளியிலிருந்து கல்பிட்டிக்குப் போக, வடக்கே பாலாவி சந்திவரை போய், அங்கே திரும்பித் தீபகற்பத்தின் நுனிவரை போக வேண்டும். வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். டொல்பின் பார்க்கிற படகுகளோ காலையில் வெள்ளென இறங்கிவிடும். படத்தைப் பார்த்துவிட்டு வருகிற குடும்பம் காலையில் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு வாசலில் நின்று பதில் சொல்லப் போகிறவர் நானா. விளம்பரம் எழுதிய நான் அங்கே இருக்கமாட்டேன்.

ஆகவே முதல் வேலை, யார் வருவார்கள் என்று முடிவு செய்வது. கனமூலைக்குக் கடல் பார்க்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் அந்த வழியாகப் போகிறவர்கள் நிறையப் பேர். தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குப் போகிறவர்கள், கல்பிட்டிக்குப் போகிறவர்கள், எலுவன்குளம் வாசல் வழியாக வில்பத்துக்குள் நுழைய நினைப்பவர்கள், மலைநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வேனில் கிளம்பி வழியில் ஓர் இரவு தங்கவேண்டியவர்கள். இவர்களுக்கு வேண்டியது வேன் நிறுத்த இடம், சுத்தமான படுக்கை, பிள்ளை சாப்பிடுகிற சாப்பாடு, விடியற்காலை கிளம்ப வசதி. அது எல்லாம் நானா வீட்டில் இருக்கிறது. இல்லாத கடலைக் காட்டி ஆள் கூப்பிட வேண்டிய அவசியமே அந்த வீட்டுக்கு இல்லை.

இரண்டாவது வேலை, அங்கே ஓர் இரவு படுப்பது. பகலில் வந்து பார்த்துவிட்டு எழுதுகிற விளம்பரத்தில் இரவு இருக்காது. தங்குமிடத்தில் ஆள் பணம் கொடுப்பதே இரவுக்குத்தான்.

அங்கே படுத்தபோது எனக்குக் கேட்டது இறால் பண்ணைச் சத்தம். குளத்து நீரை அடித்துக் கலக்குகிற துடுப்புச் சக்கரங்கள் சடசடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை, நானாவிடம் கேட்டபோது "எந்தச் சத்தம்?" என்றார். அவை ஏன் இரவில் கூடுதலாக ஓடுகின்றன என்று பண்ணையில் வேலை செய்கிற பையன்தான் விளக்கினான். பகலில் நீரிலுள்ள நுண்பாசிகள் வெயிலில் உயிர்வாயுவை உண்டாக்கும். இருட்டியதும் அது நின்றுவிடும். இறாலோடு பாசியும் சேர்ந்து உயிர்வாயுவை எடுத்துக்கொள்ளும். விடியும் முன்புதான் நீரில் அது மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரம் சக்கரம் நின்றால் இறால் செத்து மிதக்கும். ஆகையால் யார் சொன்னாலும் பண்ணைக்காரர் அதை நிறுத்தப் போவதில்லை. இதைத் தெரிந்துகொண்டது எழுத்துக்கு உதவியது. சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது என்கிற சத்தமானால் ஒரு மாதிரி எழுத வேண்டும். குளத்தில் இறால் இருக்கிற மாதமெல்லாம் இரவு முழுக்க இருக்கும் என்றால், "கேட்கும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டும். "சில வேளை கேட்கலாம்" என்று எழுதினால், கேட்கிறவர் தன் இரவில் கேட்காது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அதைக் கைபேசியில் இரவு பதினொரு மணிக்கு, கட்டில் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்தேன். வீடியோவில் படுக்கையறை வருகிற இடத்தில் பாட்டுப் போடவில்லை. அந்தச் சத்தமே நாலு விநாடி ஓடுகிறது. குரல் சொல்வதைக் காதும் அப்போதே கேட்டுக்கொள்கிறது. நானாவுக்கு இது பிடிக்கவே இல்லை. பிறகு அவரே போட்டுப் போட்டுக் கேட்டுவிட்டு, "மழை பெய்யிற மாதிரித்தான் இருக்கு" என்றார். அதையும் குரலில் சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கேட்கிறவருக்கு அது மழையா மோட்டாரா என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

மூன்றாவது தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். வீட்டுக்காரரிடம் கேட்டால் "நல்ல தண்ணிதான்" என்பார். அவர் நாக்கு அதற்குப் பழகிவிட்டது. இப்படியான இடத்தில் வெளியூர் நாக்கு வேண்டும். கண்டிப் பக்கத்து நண்பர் ஒருவரைக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்தேன். சவர்க்காரம் நுரைக்கவில்லை, தலை முடி பிசுபிசுக்கிறது என்று அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். குடிக்கவே முடியாத உவர் இல்லை. ஆனால் தேயிலையில் தெரிகிறது. மழைக் காலத்துக்குப் பிறகு உவர் குறையும், ஆவணி வெயிலில் கூடும். விளம்பரத்தில் இவ்வளவும் தேவையில்லை. குளிக்க உவர், குடிக்கப் போத்தல் தண்ணீர் தருகிறோம், அவ்வளவுதான். போத்தல் தண்ணீருக்குத் தனிக் காசு வாங்க நானா யோசித்தார். காசு வாங்குவதானால் அதையும் குரலில் சொல்ல வேண்டும் என்றதும், "சும்மாவே குடுத்திருவோம்" என்றார். வாடகையில் சேர்த்துக்கொண்டார். விளம்பரத்தில் சொல்லக் கூசுகிற கட்டணத்தை வாங்காமல் விடுவது சுலபமான வழி.

எழுதி முடித்தது இது:

"கொழும்பு புத்தளம் வீதியில் மதுரங்குளி. அங்கிருந்து ஆட்டோவில் உள்ளே வந்தால் கனமூலை. எங்கள் வீட்டில் விருந்தினருக்கு மூன்று அறை. நாங்களும் இதே வீட்டில்தான் இருக்கிறோம்.

ஓர் அறையில் ஏசியும் தனிக் குளியலறையும் உண்டு. மற்ற இரண்டிலும் மின்விசிறி, நுளம்பு வலை. இரண்டுக்கும் ஒரே குளியலறை. குளிக்கிற தண்ணீர் கொஞ்சம் உவர். குடிக்கப் போத்தல் தண்ணீர் தருகிறோம்.

சாப்பாடு வீட்டுச் சமையல். சோறு, மீன் ஆணம், இரண்டு மரக்கறி, சம்பல். மீன் அன்று கிடைப்பது. இறால், நண்டு வேண்டுமானால் முதல் நாளே சொல்லுங்கள். மதுபானத்துக்கு இடமில்லை.

பக்கத்தில் இருப்பது களப்பு. கடலில் குளிக்க வேனில்தான் போக வேண்டும். இரவில் இறால் பண்ணைச் சத்தம் கேட்கும், விடியும் முன் பள்ளியில் பாங்கு கேட்கும்.

முற்றத்தில் நிழல் உண்டு, வேன் நிறுத்த இடம் உண்டு. கல்பிட்டி, தலவில, வில்பத்துப் போகிறவர்கள் ஓர் இரவு தங்கலாம். வருமுன் பேசுங்கள்."

இது ஒரு நிமிடத்தை ஐந்தாறு விநாடி தாண்டும். தாண்டட்டும் என்று விட்டேன். வெட்டுவதானால் குறைகளைத்தான் வெட்டச் சொல்வார்கள்.

குறைகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். கடைசியில் மொத்தமாக, வேகவேகமாக, மருந்து விளம்பரத்தில் எச்சரிக்கை வாசிப்பதுபோல வைக்கவில்லை. அப்படி வைத்தால் காது மூடிக்கொள்ளும். ஆரம்பத்திலும் கொட்டவில்லை. ஒவ்வொரு குறையும் அது தொடுகிற வசதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உவர்த் தண்ணீருக்கு அடுத்த வரியில் போத்தல் தண்ணீர். பொதுக் குளியலறையைச் சொல்லும் முன்பே தனிக் குளியலறை எந்த அறையில் என்று சொல்லியாயிற்று. கேட்கிற தாய் அந்த இடத்திலேயே தன் கணக்கைப் போட்டுக்கொள்வாள்: வயதான மாமியாரை ஏசி அறையில் விடலாம், பிள்ளைகளோடு நாம் மற்ற அறையில்.

உண்மையைச் சொல்லி விளம்பரம் செய்வது புதிதும் இல்லை. அம்ஸ்டர்டாமில் ஹான்ஸ் பிரிங்கர் என்கிற மலிவு ஹோட்டல் 1990களின் நடுவிலிருந்து தன் மோசமான வசதிகளையே பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்தது. கெசல்ஸ்க்ராமர் என்கிற நிறுவனம் செய்து கொடுத்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட விளம்பரம் அது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு நம் ஊரில் செய்ய வருகிறவர்களை நான் தடுப்பேன். முதுகுப் பை மாட்டிய இருபது வயதுப் பையன் குறையைக் கேட்டுச் சிரிப்பான். அங்கே படுத்து எழுந்தது அவனுக்கு ஒரு கதை. பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டி வருகிற குடும்பத்துக்குப் பொதுக் குளியலறை நகைச்சுவை இல்லை. அந்த ஹோட்டலின் விளம்பரத்தில் குறைகள் பெரிதாக்கப்பட்டவை. உண்மையான அறை எப்படி இருக்கும் என்பது அதிலிருந்தும் தெரியாது. நமக்கு வேண்டியது அளவு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அளவு என்றதும் படம் எடுப்பதைச் சொல்ல வேண்டும். இப்போதைய கைபேசிகளில் 0.5 என்று ஒரு வில்லை இருக்கிறது. அறை மூலையில் நின்று அதில் எடுத்தால் பத்தடி அறை கல்யாண மண்டபமாகத் தெரியும். தங்குமிடக்காரர் எல்லோரும் அதில்தான் எடுக்கிறார்கள். நான் 1 என்ற வில்லையில், வாசல்படியில் நின்று, நெஞ்சு உயரத்தில் வைத்து எடுக்கச் சொல்வேன். கட்டில் பக்கத்தில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். ஆள் நின்றால் அறையின் அளவு யாரும் சொல்லாமலே தெரியும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பயணப் பை விரிக்க இடம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். நானா வீட்டில் ஓர் அறையில் அந்த இடம் இல்லை. அந்த அறைப் படத்தை அவர் விட்டுவிடச் சொன்னார். அதைத்தான் நாங்கள் முதலில் போட்டோம்.

சாப்பாட்டில்தான் அதிகப் பேச்சு நடந்தது. நானா இறால், நண்டு, கணவாய் என்று அடுக்கினார். ராத்தா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "யாரு ஆக்கிற?" என்று மட்டும் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. சமைப்பது ஒருவர். மூன்று அறை நிறைந்தால் பத்துப் பன்னிரண்டு பேர். அவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் அவரால் செய்ய முடிவது சோறும் ஒரு ஆணமும் இரண்டு மரக்கறியும் சம்பலும்தான். அதையே எழுதினோம். காலையில் இடியப்பமோ பிட்டோ அவர் முடிவு. விருந்தினர் தெரிவு இல்லை என்பதால் அதை விளம்பரத்திலேயே வைக்கவில்லை, போனில் சொல்வதாக ஏற்பாடு. நண்டின் விலை நாளுக்கு நாள் மாறும், ஆகையால் விலை எழுதவில்லை. முதல் நாள் சொன்னால் மறுநாள் காலை வாங்கிக்கொண்டு, அன்றைய விலையைச் சொல்லிச் சம்மதம் கேட்ட பிறகே சட்டி ஏறும். "மீன் அன்று கிடைப்பது" என்பதற்குள் வெள்ளிக்கிழமையும் இருக்கிறது. அன்று ஜும்ஆ, தோணி இறங்குவது குறைவு, சந்தையில் மீனும் குறைவு. வெள்ளி இரவு தங்குகிறவர்களிடம் நானா போனிலேயே கோழி என்று சொல்லிவிடுவார்.

நோன்பு மாதத்துக்கு வேறு குரல் பதிவு செய்து வைத்திருக்கிறோம். அந்த மாதம் பகலில் அடுப்பு எரியாது. நோன்பு இல்லாத விருந்தினர் வந்தால் பகல் சாப்பாட்டை முதல் நாளே சொல்ல வேண்டும்; சஹருக்கு எழுந்து சமைக்கிற சத்தம் அதிகாலை மூன்று மணிக்கே கேட்கும்; மாலையில் கஞ்சி உண்டு. இந்த மூன்றையும் சேர்த்து, சாப்பாட்டுப் பகுதியை மட்டும் மாற்றினோம். மதுபானத்தைப் பற்றிய வரி எந்த மாதத்திலும் மாறாது. தலவிலத் திருவிழாவுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் வருவார்கள். வேனுக்குள் போத்தலோடு வந்து இறங்கிய பிறகு "இங்கே கூடாது" என்று சொன்னால் இரண்டு பக்கமும் முகம் கறுக்கும். அந்த வரியை மென்மையாக்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார்: "குடும்பச் சூழல்" என்று போடலாமாம். குடும்பச் சூழல் என்று கேட்கிறவருக்கு அது குடிக்கக்கூடாது என்று எப்படிப் புரியும்? அவருடைய குடும்பத்தில் அவர் குடிப்பவராயிருந்தால்?

எழுதிய பிறகு நான் செய்கிற சோதனை ஒன்றுதான். அந்த வீட்டைப் பார்த்திராத ஒருவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டி, வீட்டை எனக்கு விவரிக்கச் சொல்வேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை, சொல்லாததைக் கேட்பேன். மாடி வீடா? வாசலில் நின்றால் என்ன தெரியும்? இரவு ஏழு மணிக்குப் பிறகு என்ன செய்வீர்கள்? முதல் வரைவில் "களப்பு ஓரத்து வீடு" என்று எழுதியிருந்தேன். கேட்டவர், சாயங்காலம் களப்பில் கால் நனைத்து உட்காருவேன் என்றார். அங்கே கரை சேறு. காலை விட்டால் முழங்கால்வரை போகும். "ஓரத்து" என்பது போய் "பக்கத்தில்" வந்தது அப்படித்தான். கடலைப் பற்றிய வரியில் வேன் என்ற சொல் வந்ததும் அந்தச் சோதனையால்தான். "கடல் தூரம்" என்றால் ஒருவருக்குப் பத்து நிமிட நடை, இன்னொருவருக்கு அரை நாள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரத்தில் ஆளைத் தவறாக வழிநடத்துகிற நடத்தையைத் தடுக்கிறது. மூன்று அறை வாடகைக்கு விடுகிறவரும் வியாபாரிதான். தங்குமிடங்களைப் பதிவு செய்வது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. பதிவு கையில் கிடைக்கும்வரை விளம்பரத்தில் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது, "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றுகூட.

விளம்பரம் வேலை செய்கிறதா என்பதை வருகிற போன் அழைப்பில் கேட்கலாம். "கடல் எவ்வளவு தூரம்?" என்று இன்னும் கேட்டால் அந்த வரி காதில் ஏறவில்லை. "ஏசி அறை அந்தத் திகதிக்கு இருக்கா?", "வேன் சாரதி எங்கே படுக்கிறது?" என்று கேட்டால் ஏறியிருக்கிறது. சாரதி கேள்வி பல முறை வந்தது. நாங்கள் நினைத்தே பார்க்காத ஆள் அவர். இப்போது முன் விறாந்தையில் வலை கட்டிய கட்டில் ஒன்று போட்டு, அதையும் வரியாகச் சேர்த்தாயிற்று. அழைப்புகள் நானா எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். அதில் எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை. முழு வீட்டையும் வாரக்கணக்கில் எடுத்துக் கடற்கரை விடுமுறை கொண்டாட நினைப்பவர்கள் கேட்டுவிட்டு விலகிவிடுகிறார்கள். அவர்கள் கல்பிட்டிக்குப் போவதுதான் சரி. முற்பணம் கட்டியவர்கள் வந்து சேருகிறார்கள், வந்து திரும்பிப் போகிறவர்கள் இல்லை. ஆனால் வருமானத்துக்கு இந்த வீட்டை மட்டும் நம்பியிருக்கிற ஒருவருக்கு இந்த வேகம் போதாது. நானாவுக்குத் தென்னை இருக்கிறது.

போன மாதம் இன்னொரு குளியலறை கட்டினார்கள். உடனே வரியை மாற்ற வேண்டும் என்றார் நானா. குழாயில் தண்ணீர் வரட்டும், கதவுக்குக் கொண்டி போடட்டும், பிறகு வந்து படம் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ராத்தாவுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டுமாம்: இரவுச் சாப்பாடு வேண்டியவர்கள் எட்டு மணிக்குள் வந்து சேரவும், பிந்தினால் பராட்டா வாங்கி வைப்போம், காசு உங்களுடையது. எங்கே நுழைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே ஐந்தாறு விநாடி அதிகம்.